எச்சத்தில் ஒளிந்திருக்கும் படிகள்: குழம்பிய செய்முறையைப் பிரித்து எழுதுவது

கீழே இருப்பது சீலிங் ஃபேன் பற்றிய ஒரு வரைவு. தகவலில் பிழை இல்லை, ஆனால் இதை அப்படியே வெளியிடக் கூடாது.

> ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கெபாசிட்டரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேல் கப்பை இறக்கி, கெபாசிட்டரின் இரண்டு ஒயரையும் வெட்டி, அதே அளவில் புதியது வாங்கி வந்து மாட்டுங்கள். வெட்டும் முன் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. எந்த ஒயர் எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. மெயினை ஆஃப் செய்ய மறக்காதீர்கள். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இது பொருந்தாது.

ஸ்டூல் மேல் நின்று படிப்பவர் இரண்டாவது வாக்கியத்திலேயே ஒயரை வெட்டிவிடுவார். மெயின் ஐந்தாவது வாக்கியத்தில்தான் வருகிறது.

1. ஒரு வாக்கியம், ஒரு வரி. நோட்பேட் போதும். வேர்ட் வேண்டாம், எண்ணோடு தொடங்கும் வரியை அது தானாகப் பட்டியலாக்கித் தொல்லை கொடுக்கும். எண் போடுவது கடைசி வேலை.

2. வினையெச்சங்களை வெட்டுங்கள். அதிகம் தவறுவது இங்கேதான். தமிழில் எத்தனை செயலையும் எச்சமாகக் கோத்து ஒரே முற்றில் முடித்துவிடலாம். "இறக்கி, வெட்டி, வாங்கி வந்து, மாட்டுங்கள்" என்பது படிக்கச் சுகம், செய்ய ஆபத்து. ஒவ்வொரு எச்சத்தையும் முற்றாக்குங்கள்: இறக்குங்கள். வெட்டுங்கள். வாங்கி வாருங்கள். மாட்டுங்கள்.

இப்போது "வெட்டுங்கள்", "வாங்கி வாருங்கள்" இரண்டுக்கும் நடுவே ஒரு ஓட்டை தெரியும். கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் யாராவது மெயினைப் போட்டு, ஃபேன் சுவிட்சையும் தட்டினால்? வெட்டிய முனைகள் திறந்தபடி தொங்குகின்றன. ஆகவே புதிதாக ஒரு படி: இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வரைவில் இல்லாத இந்தப் படியை எச்சத்தை வெட்டியதுதான் காட்டிக்கொடுத்தது.

இரு கையும் ஒரே நேரத்தில் செய்யும் வேலையை மட்டும் பிரிக்காதீர்கள். "கப்பைப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்துங்கள்" ஒரே படிதான்.

3. "முன்", "மறக்காதீர்கள்" என்ற சொற்களைத் தேடுங்கள். அவை இருக்கும் வரி பெரும்பாலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். போட்டோ எடுப்பது வெட்டுவதற்கு மேலே போகும். மெயினை ஆஃப் செய்வது முதல் படியாகும். பி.எல்.டி.சி. வரி படியே அல்ல. யாருக்குப் பொருந்தாது என்பது முதல் எண்ணுக்கும் மேலே வர வேண்டும்.

4. எச்சரிக்கையா, குறிப்பா? அந்த வரியைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆளுக்கோ பொருளுக்கோ சேதம் என்றால் எச்சரிக்கை, அந்தப் படிக்கு மேலே. நேரம் மட்டும் வீண் என்றால் குறிப்பு, படிக்குக் கீழே. ஒயர் எந்தப் பக்கம் என்பது குறிப்பு.

"கவனமாக இருங்கள்" எச்சரிக்கை ஆகாது. காரணம் சொன்னால்தான் படிப்பவர் கேட்பார். மார்க்டவுனில் எழுதினால் இப்படி வரும்:

```
**எச்சரிக்கை:** ஃபேன் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.
சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், ஃபேன் நின்ற பிறகும்
ஒயரில் மின்சாரம் இருக்கும்.

1. மெயினை ஆஃப் செய்யுங்கள்.
1. மேல் கப்பை இறக்குங்கள்.
1. கெபாசிட்டரின் ஒயர்களைப் போட்டோ எடுங்கள்.

   [படம்: fan-cup-wires.jpg | கப்புக்குள் கெபாசிட்டர்,
   அதன் இரு ஒயர்களும் தெரிய, கீழிருந்து]
```

எச்சரிக்கைக்குள் ஒரு செயல் இருந்தால் அதை வெளியே எடுத்துப் படியாக்குங்கள். பெட்டிக்குள் இருப்பதைத் தாண்டிப் படிப்பவர்கள் அதிகம்.

5. படத்துக்கு இடம் விடுங்கள். கண்ணால் தேட வேண்டிய இடத்துக்கு மட்டும் படம். இங்கே இரண்டு போதும்: கப்புக்குள் இருக்கும் ஒயர்கள், கெபாசிட்டர் மேல் அச்சிட்ட அளவு (பல ஃபேன்களில் 2.5 MFD). மெயின் சுவிட்சுக்குப் படம் தேவையில்லை. கோப்புக்குப் படி எண்ணை வைத்துப் பெயர் இடாதீர்கள். நடுவில் ஒரு படி சேர்ந்தால் step4.jpg ஐந்தாவது படிக்குப் போய்விடும். என்ன தெரிய வேண்டும், எந்தக் கோணத்தில் என்பதை, படம் வர வேண்டிய இடத்தைக் காட்டும் இடக்குறியிலேயே எழுதினால் படம் எடுப்பவர் திரும்ப உங்களைக் கேட்க வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை: படம் போட்டதும் எண் மறுபடி 1-இலிருந்து தொடங்குகிறதா? மார்க்டவுனில் இடக்குறி வரியை ஓரத்தில் ஒட்டி எழுதியிருப்பீர்கள். பட்டியல் அங்கேயே முடிந்துவிடும். மேலே உள்ளதுபோல் மூன்று இடைவெளி விடுங்கள். எல்லாப் படிக்கும் `1.` என்றே போட்டிருப்பதும் வேண்டுமென்றுதான்: வரிசையை எப்படி மாற்றினாலும் எண் தானாகச் சரியாகும். `10.` என்று நீங்களே எண் போட்டால் அதன் கீழே நான்கு இடைவெளி வேண்டும்.

நடுவில் வரும் எச்சரிக்கைக்கும் இதே சிக்கல் உண்டு. எந்தப் படிக்கு மேலே வர வேண்டுமோ, அதற்கு முந்தைய படியின் கடைசியில் அதே இடைவெளியோடு சேருங்கள்.