வங்கியில் விழுவது விற்பனைத் தொகை இல்லை: ஆன்லைனில் விற்பவர்கள் லாபக் கணக்கில் செய்யும் தவறுகள்

ரசீதைத் தொலைக்காதீர்கள், சொந்தச் செலவையும் வியாபாரச் செலவையும் கலக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. வீட்டிலிருந்து ஆன்லைனில் விற்கிறவர்களின் கணக்கைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்களும், முன்பு நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். அதில் ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

வங்கியில் வந்த தொகையை விற்பனை என்று எழுதுவது

கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள் விற்கும் ஒரு பெண் ஒருநாள் அழைத்தார். "அக்கா, நான் நஷ்டத்துலதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன், எனக்கு எதுக்கு வரி?" என்றார். கணக்கை அனுப்பச் சொன்னேன். ஒரு மாதத்துக்கு 1,090 நஷ்டம் என்று காட்டியிருந்தார். கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. ஆனால் அந்த மாதம் அவருக்குக் கிடைத்தது 7,155 லாபம். (எந்த நாட்டுப் பணம் என்பது முக்கியமில்லை, எண்களை மட்டும் பாருங்கள். புரிவதற்காகக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.)

அந்த மாதம் 40 ஆர்டர்கள். ஒரு புத்தகம் 500. அதற்குமேல் ஷிப்பிங் என்று வாங்குபவரிடம் 60 வாங்கியிருக்கிறார். ஆக மொத்தம் 22,400. மூன்று ஆர்டர்கள் திரும்பி வந்தன. அவர்களுக்கு ஷிப்பிங்கோடு சேர்த்து 1,680 திருப்பிக் கொடுக்கப்பட்டது. மிச்சம் 20,720.

இதிலிருந்து விற்பனைத் தளம் தன் பங்கைப் பிடித்துக்கொண்டது. புத்தக விலையில் 12 சதவீதம் கமிஷன். திரும்பி வந்தவற்றுக்கான கமிஷனைத் தளமே விட்டுக்கொடுத்ததால் 2,220. அனுப்பியதற்கும் திரும்பி வந்ததற்குமான கூரியர் கட்டணம் 3,225. விளம்பரத்துக்கு 800. இது போக, ரிட்டர்ன் வந்தால் கொடுப்பதற்காக 2,000 நிறுத்தி வைத்துவிட்டு, மீதி 12,475ஐ வங்கிக்கு அனுப்பியது.

அவர் என்ன செய்தார்? வங்கிப் புத்தகத்தைப் பார்த்து, "விற்பனை 12,475" என்று எழுதினார். அப்புறம் தளத்தின் மாத அறிக்கையைத் திறந்து, அதில் கமிஷன், கூரியர், விளம்பரம் என்று இருந்த 6,245ஐயும் செலவில் எழுதினார். அங்கேதான் கணக்கு கெட்டது. 12,475 என்பதே அந்த 6,245 போன பிறகு வந்த தொகை. போன பணத்தை இன்னொரு முறை கழித்துவிட்டார். அதற்குமேல் விற்ற சரக்கின் அடக்க விலை 6,840, பேக்கிங் 480. கழித்ததும் நஷ்டம் 1,090.

சரியான வழி, மேலிருந்து கீழே வருவது:

```
22,400 − 1,680 = 20,720
20,720 − 2,220 − 3,225 − 800 = 14,475
14,475 − 6,840 − 480 = 7,155
```

இரண்டு விடைகளுக்கும் நடுவில் 8,245 வித்தியாசம். அதில் 6,245 இரண்டு முறை கழித்தது. மீதி 2,000 தளம் நிறுத்தி வைத்தது. அந்த 2,000 அவருடைய பணம்தான், இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவே. விற்பனை நடந்த தேதியில் கணக்கு எழுதுகிறவருக்கு அது இந்த மாத வருமானம், தளம் தரவேண்டிய பாக்கி. பணம் வரும்போது மட்டுமே எழுதும் முறை உங்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தால் அது அடுத்த மாதத்துக்குப் போகலாம். ஆனால் எந்த முறையிலும் அது செலவு ஆகாது.

இதைச் சொன்னால் சிலர் உடனே ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: "அப்படியென்றால் வங்கித் தொகையையே வருமானமாக எழுதிவிட்டு, கமிஷனை எழுதாமல் விட்டுவிடுகிறேன். லாபம் ஒன்றுதானே?" நிறுத்தி வைத்த தொகையைச் சரிசெய்துவிட்டால் லாபம் ஒன்றாகத்தான் வரும், உண்மை. சிக்கல் வேறு இடத்தில். விற்பனை வரிக்குப் பதிவு செய்ய வேண்டுமா என்பதைப் பொதுவாக லாபத்தை வைத்துப் பார்ப்பதில்லை, விற்றுமுதலை, அதாவது மொத்த விற்பனையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். 20,000 சொச்சம் விற்றுவிட்டு 12,000 என்று எழுதுகிறவர், வரம்பைத் தாண்டியது தெரியாமலே ஓடிக்கொண்டிருப்பார். இன்னொன்று, வரித்துறைக்குத் தளம் தரும் எண்ணும் உங்கள் வங்கி எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1099-K படிவத்தில் வருவது, கட்டணமோ திருப்பிக் கொடுத்த பணமோ கழிக்காத மொத்தத் தொகை. இந்தியாவில் தளங்கள் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸும் மொத்த விற்பனையின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. அதிகாரியின் கையில் பெரிய எண், உங்கள் கணக்கில் சின்ன எண். நடுவில் இருப்பது கமிஷன்தான் என்று காட்ட, அந்தக் கமிஷன் உங்கள் கணக்கில் ஒரு வரியாகவாவது இருக்க வேண்டாமா?

தப்பு நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் கணக்கில் உள்ள கமிஷனை, உங்கள் கணக்கில் உள்ள விற்பனையால் வகுத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் கணக்கில் 2,220ஐ 12,475ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18 சதவீதம் வருகிறது. தளம் வாங்குவதோ 12. அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ரிட்டர்ன் போக உண்மையில் நின்ற புத்தக விற்பனை 18,500. அதை வைத்து வகுத்தால் மிகச் சரியாக 12 வரும். ஒரே தளத்தில் பொருளுக்குப் பொருள் கமிஷன் மாறினாலும், வருகிற சதவீதம் தளத்தின் மிக உயர்ந்த விகிதத்தையே தாண்டுகிறது என்றால் விற்பனையைக் குறைத்து எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

ஒவ்வொரு மாதமும் மொத்த விற்பனையிலிருந்து வங்கித் தொகை வரையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மொத்த விற்பனை, அதில் ரிட்டர்ன் கழித்து, எல்லாக் கட்டணங்களும் கழித்து, நிறுத்தி வைத்ததும் கழித்தால் வங்கியில் விழுந்த தொகை கடைசி எண் வரை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் தேதிதான் காரணம். தளம் வாரத்துக்கு ஒருமுறை பணம் அனுப்பும். மாதக் கடைசி ஆர்டர்களின் பணம் அடுத்த மாதம்தான் வந்து சேரும். அதனால் அறிக்கையை எடுக்கும்போது ஆர்டர் தேதிப்படி எடுக்கிறீர்களா, பணம் அனுப்பிய தேதிப்படி எடுக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு, வருடம் முழுவதும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு மாதம் மாற்றினால் சில ஆர்டர்கள் இரண்டு முறை வரும், சில வராமலே போகும். நிதியாண்டின் கடைசி வாரத்தில் இது இன்னும் மோசம்.

வாங்குபவர் தந்த ஷிப்பிங் பணத்தை விட்டுவிடுவது

"அது கூரியருக்குப் போகிற பணம்தானே, என்னுடையது இல்லையே" என்பார்கள். வாங்குபவர் தந்த 60 உங்கள் வருமானம். கூரியர் எடுத்த 75 உங்கள் செலவு. இரண்டையும் எழுதினால்தான் ஒவ்வொரு பொட்டலத்திலும் 15 கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும். இலவச ஷிப்பிங் என்று போடுகிறவர்களுக்கு முதல் வரி இருக்காது, இரண்டாவது இருக்கும். சில தளங்கள் ஷிப்பிங் பணத்தின் மேலும் கமிஷன் போடும். அதையும் அறிக்கையில் பாருங்கள். அப்படி இருந்தால் மேலே சொன்ன சதவீதச் சோதனையில் ஷிப்பிங் பணத்தையும் விற்பனையோடு சேர்த்துக்கொண்டு வகுக்க வேண்டும்.

மொத்தமாக வாங்கிய பெட்டிகளை ஒரே மாதத்தில் கழிப்பது

மேலே சொன்னவர் அந்த மாதம் 200 பெட்டிகள் வாங்கியிருந்தார். ஒன்று 12 வீதம் 2,400. உபயோகப்படுத்தியது 40 மட்டும், அதாவது 480. மீதி 160 பெட்டிகள் அலமாரியில் இருக்கின்றன. அவை கையிருப்பு. மாத லாபத்தைப் பார்க்க 480ஐத்தான் கழிக்க வேண்டும். முழு 2,400ஐயும் போட்டால் இந்த மாதம் மோசமாகவும் அடுத்த மாதங்கள் பிரமாதமாகவும் தெரியும். அதை நம்பி விலையைக் குறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரிக்கு வரும்போது கேள்வி வருடக் கடைசியில் எவ்வளவு மிச்சம் என்பதுதான். சிறு வியாபாரிகளுக்குப் பல இடங்களில் இதில் சலுகை உண்டு; உங்கள் ஊர் விதியில் பேக்கிங் சாமான் எந்த வகையில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேப்பையும் லேபிளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். பெட்டி, பபிள் ராப் போன்று பணம் பெரிதாக முடங்குகிறவற்றை எண்ணினால் போதும்.

தளம் பிடித்த வரியைச் செலவில் போடுவது

சில நாடுகளில் தளமே உங்கள் பெயரில் ஒரு சிறு சதவீதம் வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். அறிக்கையில் அது கமிஷனுக்குப் பக்கத்திலேயே கழித்தல் குறியோடு நிற்கும். அதனால் செலவு மாதிரித் தெரியும். அது நீங்கள் கட்டவேண்டிய வரியில் முன்கூட்டியே போன பங்கு. லாபத்தைக் கணக்கிட்டு, வரியைக் கணக்கிட்டு, அதிலிருந்துதான் இதைக் கழிக்க வேண்டும். செலவில் போட்டால் வரிப்பணத்தில் பெரும்பகுதி உங்களுக்குத் திரும்பாமலே போய்விடும்.

உங்கள் கூலி

சொந்தப் பெயரில் விற்கிறீர்களா? உங்களுக்கு நீங்களே தரும் சம்பளம் செலவு இல்லை.

வீட்டு வாடகை

முழுவதும் அல்ல, வியாபாரத்துக்கான பங்கு மட்டும்.

திரும்பி வந்த பொருளை மறப்பது

40 அனுப்பி 3 திரும்பினால் விற்றது 37. அப்படியென்றால் மேலே அந்தப் பெண்ணின் கணக்கில் சரக்குச் செலவு எதற்கு 38 புத்தகங்களுக்கு? ஒரு புத்தகத்தின் அடக்கம் 180. 38 புத்தகங்களுக்கு 6,840. திரும்பியவற்றில் இரண்டு நல்ல நிலையில் இருந்ததால் அலமாரிக்குப் போய்விட்டன. அவற்றின் அடக்கம் இந்த மாதச் செலவாகாது. மூன்றாவது நனைந்து வந்தது. விற்க முடியாது. அதன் 180 நஷ்டம், அது இந்த மாதத்திலேயே போக வேண்டும். புதியவர்கள் ஒன்று 40க்கும் எழுதிவிடுவார்கள், இல்லை 37க்கு எழுதிவிட்டு நனைந்ததை விட்டுவிடுவார்கள். நனைந்த புத்தகத்தை ஆர்டர் எண்ணோடு படம் எடுத்து வையுங்கள். அதைக் குறைந்த விலைக்குத் தெரிந்தவருக்குக் கொடுத்தால் அந்தச் சிறு தொகையும் விற்பனைதான்.