சைக்கிள் திருடு போனது: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவன் மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறான். போன வாரம் கடையில் ஒரு சைக்கிள் திருடு போயிற்று. பதற்றத்தில் ஒரு சுற்றுலாப் பயணியிடம் "தி சைக்கிள் ஸ்டோல்" என்று சொல்லிவிட்டான். சைக்கிளே திருடியது என்றல்லவா பொருளாகிறது! அன்றைய பாடம் இதுதான்.

முதலில் அச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். V3 என்பது ஸ்டீல், ஸ்டோல், ஸ்டோலன் என்ற வரிசையில் மூன்றாவது.

```
be  + V3   was stolen
get + V3   got stolen
```

அடுத்து, எது எங்கே? தமிழில் "சைக்கிள் திருடப்பட்டது" என்று புகார் மனுவில் எழுதுகிறோம். பக்கத்து வீட்டில் "திருடு போயிற்று" என்கிறோம். ஏறக்குறைய அதே வேறுபாடுதான். எழுத்துக்கு 'வாஸ்', பேச்சுக்கு 'காட்'. "அடிபட்டான்", "மாட்டிக்கொண்டான்" என்று நாம் சொல்லும் இடங்களில், அதாவது ஒருவருக்கு ஏதோ நேர்ந்துவிட்ட இடங்களில், 'காட்' இயல்பாக வரும்.

இன்னொரு பயனும் உண்டு. மழைக்காலத்தில் மலைப்பாதையைப் பற்றி "தி ரோட் வாஸ் க்ளோஸ்டு" என்றால், பாதை மூடிக் கிடந்தது என்றும் கொள்ளலாம், மூடினார்கள் என்றும் கொள்ளலாம். "தி ரோட் காட் க்ளோஸ்டு" என்றால் ஐயமில்லை: திறந்திருந்த பாதை மூடப்பட்டுவிட்டது. ஆனால் திட்டமிட்டு நிதானமாகச் செய்த செயலுக்கு 'காட்' பொருந்தாது. நம் ஏரி 1863-இல் உருவாக்கப்பட்டது. அதற்கு "வாஸ் மேட்" என்பதே சரி.

இனி, செய்தவர். 'பை' போட்டுச் சொல்லும் பெயர் கேட்பவருக்குப் புதிதாக ஏதாவது தருகிறதா என்று பாருங்கள். "ஸ்டோலன் பை எ தீஃப்" என்பதில் திருடன் என்ற சொல் வீண்; திருடியவன் திருடன்தானே. யார் என்று தெரியாததால் "பை சம்ஒன்" என்பதும் வேண்டாம். ஆனால் தின்பண்டப் பையைக் குரங்கு பறித்தால் "பை எ மங்கி" என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், செய்தியே அதுதான். ஏரியை உருவாக்கியவர் அன்றைய மதுரை கலெக்டர் லெவிஞ்ச் என்பதும் அப்படியே.

கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். "வாஸ் இட் ஸ்டோலன்?" சரி. 'காட்' அப்படி முன்னே நகராது, 'டிட்' துணைக்கு வர வேண்டும்: "டிட் இட் கெட் ஸ்டோலன்?" எதிர்மறையும் "டிடின்ட் கெட் ஸ்டோலன்".

"ஐ காட் தி சைக்கிள் ஸ்டோலன்" என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "ஐ காட் தி சைக்கிள் ரிப்பேர்டு" என்றால் ஆளை வைத்துப் பழுது பார்த்தேன் என்று பொருள். அதே அச்சில் திருட்டைச் சொன்னால், ஆளை வைத்துத் திருட வைத்ததாகவும் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். தம்பி தன் புகாரில் இந்த வரியைத்தான் முதலில் எழுதியிருந்தான். அடித்துவிட்டு, "தி சைக்கிள் வாஸ் ஸ்டோலன் ஃப்ரம் தி ஷாப்" என்று எழுதிக் கொடுத்தான்.