இருபத்திரண்டு பக்கக் குத்தகை ஒப்பந்தம்: எதைத் திரையில் படிப்பது, எதைத் தாளில் படிப்பது

புதுச்சேரியில் மருந்துக்கடை வைக்க என் சித்தப்பா மகன் ஓர் இடம் பார்த்தான். கட்டட உரிமையாளர் கடலூர்க்காரர். அவர் தரப்பிலிருந்து வந்த மூன்று ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 22 பக்கம் இருந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவான பிறகு தெரிய வரும் தவறைச் சரிசெய்யப் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும், அதற்கு உரிமையாளரும் வந்து கையெழுத்திட வேண்டும். ஆகவே வரைவிலேயே பிழைகளைப் பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

முதலில் மடிக்கணினியில் ஒரே அமர்வில் படித்து, மூன்று எழுத்துப்பிழைகளைக் குறித்தேன். முடித்தபோது ஒப்பந்தம் எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டதாகத் தோன்றியது. மறுநாள் அச்செடுத்துப் படித்தபோது, பணத்தையும் உரிமையையும் பாதிக்கக்கூடிய வேறு மூன்று பிழைகள் கிடைத்தன. இதை வைத்து மட்டும் தாளே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் எந்த ஊடகமானாலும் இரண்டாம் முறை படிப்பவருக்குக் கூடுதலாகச் சில பிழைகள் தென்படத்தான் செய்யும். ஆனால் 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, தகவல் சார்ந்த உரைகளைப் படிப்பதில் தாளுக்குச் சிறிய அளவில் மேன்மை இருப்பதையும், நேர நெருக்கடியில் அது கூடுவதையும், கதைகளில் அத்தகைய வேறுபாடு தென்படாததையும் காட்டியது. அந்த ஆய்வுகள் அளந்தது புரிதலையே, பிழை பிடிக்கும் திறனை அன்று. எனினும் ஒப்பந்தத்தில் ஆபத்தான பிழைகள் எழுத்தில் இருப்பதில்லை. ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு முரண்படும் இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிடிப்பதற்குப் புரிதல்தான் வேண்டும்.

முதல் படி: அச்செடுப்பதற்கு முன் திரையில் செய்ய வேண்டியவை

கோப்பு வேர்டில் வந்திருந்தால், Review பட்டியில் All Markup என்பதைத் தேர்ந்தெடுத்து, மறைந்திருக்கும் திருத்தங்கள் ஏதும் உள்ளனவா என்று பாருங்கள். Simple Markup நிலையில் நீக்கப்பட்ட சொற்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், ஓரத்தில் ஒரு கோடு மட்டும் நிற்கும்.

அடுத்து, கோப்பின் ஒரு நகலைத் திறந்து Ctrl+A அழுத்தி, பிறகு F9 அழுத்துங்கள். "பிரிவு 18இல் கூறியபடி" என்பது போன்ற குறிப்புகளைத் தட்டச்சு செய்தவர் தானியங்கு இணைப்பாக அமைத்திருந்தால் எண்கள் புதுப்பிக்கப்படும். இணைப்பு அறுந்திருந்தால் அந்த இடத்தில் Error! Reference source not found. என்று வரும். பழைய எண் திரையில் அமைதியாக நின்றுகொண்டிருப்பதைவிட இப்படிக் கூச்சலிடுவது நல்லது. எங்கள் ஒப்பந்தத்தில் எண்களைக் கையால் தட்டச்சு செய்திருந்ததால் F9 எதையும் மாற்றவில்லை. அப்படியிருந்தால் ஒவ்வொரு குறிப்பையும் தாளில்தான் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாம் படி: தாளில் படித்தல்

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, ஒருபக்க அச்சாக எடுங்கள். இருபக்க அச்சு காகிதத்தை மிச்சப்படுத்தும், ஆனால் 5ஆம் பக்கத்தையும் 17ஆம் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குத்தான் நாம் அச்செடுக்கிறோம்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பிழை அப்படி வைத்ததில்தான் வெளிப்பட்டது. 5ஆம் பக்கத்தில் 7ஆம் பிரிவு, காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும் என்றது. 17ஆம் பக்கத்தில் 26ஆம் பிரிவு இரண்டு மாதம் என்றது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வாக்கியத்திலும் குறையே இல்லை. திரையில் ஒரு நேரத்தில் ஏறக்குறைய ஒரு பக்கம்தான் கண்முன் நிற்கிறது. உருட்டி 17ஆம் பக்கத்துக்கு வருவதற்குள் "மூன்று" என்ற சொல் எந்த இடத்தில் இருந்தது என்பது நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. தாளில் அது இடப்பக்க மேல் மூலையில் இருந்தது என்ற நினைவு தங்குவதாக என் அனுபவம் சொல்கிறது.

இப்படிச் செய்யுங்கள்: தனித்தாள் ஒன்றில், தொகை, தேதி, கால அளவு, பிரிவு எண் ஆகிய நான்கும் வரும் ஒவ்வொரு இடத்தையும் பக்க எண்ணோடு எழுதிக்கொண்டே வாருங்கள். படிக்கும் வரியின் கீழ் ஸ்கேலை வைத்து நகர்த்தினால் வேகம் தானாகக் குறையும். 9ஆம் பிரிவில் "பழுதுபார்ப்பு 18ஆம் பிரிவின்படி" என்று இருந்தது. அந்தக் குறிப்பைப் பட்டியலில் எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், 18 காப்பீட்டைப் பற்றியது. நடுவே மின் இணைப்பு பற்றிப் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்ததில் பழுதுபார்ப்பு 19ஆகி நகர்ந்திருந்தது. அப்படியே கையெழுத்திட்டிருந்தால், கூரை ஒழுகும்போது யார் செலவு செய்வது என்ற கேள்விக்குக் காப்பீட்டுப் பிரிவில் விடை தேட வேண்டியிருந்திருக்கும்.

தொகைகளை வாசித்தால் போதாது, கணக்கிட வேண்டும். மாத வாடகை 28,000 ரூபாய், ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயர்வு என்றால் இரண்டாம் ஆண்டு 29,400, மூன்றாம் ஆண்டு 30,870. அட்டவணையில் 30,780 என்று இருந்தது. மாதத்துக்கு 90 ரூபாய், ஆண்டுக்கு 1,080 ரூபாய் என்ற இந்த வேறுபாடு எங்களுக்குச் சாதகமானதுதான். என்றாலும் பிரிவும் அட்டவணையும் முரண்பட்டு நின்றால் மூன்றாம் ஆண்டில் சண்டை வரும் என்பதால் சொல்லிவிட்டோம்.

மூன்றாம் படி: மீண்டும் திரைக்கு

நான்காவதாக ஒரு பிழை இருந்தது. அது திரையிலும் தப்பியது, தாளிலும் தப்பியது. இருமுறையும் நான் அதைக் கண்ணால் கடந்திருக்கிறேன். கடை புதுச்சேரியில் இருக்க, 29ஆம் பிரிவு வழக்குகள் கடலூர் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்றது. ஏதோ பழைய கடலூர் ஒப்பந்தத்தை மாதிரியாக வைத்து எழுதியிருக்கிறார்கள். உரிமையாளரின் முகவரியில் "கடலூர்" திரும்பத் திரும்ப வந்ததால் அந்தச் சொல் எனக்கு உறுத்தவே இல்லை.

கண்டுபிடித்தது Ctrl+F. ஊர்ப் பெயரைத் தேடியதில் ஆறு இடங்கள் வந்தன. ஐந்து முகவரி, ஒன்று நீதிமன்றம். ஆகவே, தாளில் எழுதிய பட்டியலோடு திரைக்குத் திரும்பி, ஊர்ப் பெயர், இரு தரப்பாரின் பெயர், கதவு எண், "மாத", "நாட்களுக்குள்" ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, எத்தனை இடங்களில் வருகின்றன என்று எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

தேடல் எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான், அதில் தேட எழுத்தே இருக்காது. நம் ஊர்ப் பத்திரங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பில், நீங்கள் யூனிகோடில் அடிக்கும் சொல் கண்ணுக்கு எதிரே இருந்தாலும் தேடலில் சிக்காது. முதலில், பக்கத்தில் நிச்சயமாக இருக்கும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அது கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பில் தேடல் பயன்படாது, மூன்றாம் படியையும் தாளிலேயே செய்ய வேண்டும்.

நான்காம் படி: திருத்தி வந்த பிரதி

திருத்திய கோப்பு வந்ததும் மீண்டும் 22 பக்கத்தையும் படிக்க உட்காராதீர்கள். மூன்றாம் முறை வாசிக்கும் கண், எழுதியிருப்பதைப் பார்க்காமல் எதிர்பார்ப்பதையே பார்க்கிறது. Review பட்டியில் Compare கொடுத்து, பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிடுங்கள். நீங்கள் கேட்ட திருத்தங்களுக்கு வெளியே ஏதேனும் மாறியிருந்தால் அதுவும் அங்கே தெரியும். எங்களுக்கு அப்படி ஒன்று தெரிந்தது: முன்னறிவிப்பை 26ஆம் பிரிவில் மூன்று மாதமாக மாற்றச் சொன்னோம், அவர்கள் 7ஆம் பிரிவை இரண்டு மாதமாக்கியிருந்தார்கள். முரண்பாடு தீர்ந்துவிட்டது. ஆனால் மருந்து இருப்பை வேறிடத்துக்கு மாற்ற இரண்டு மாதம் போதுமா என்று தம்பியிடம் கேட்டுத்தான் ஒப்புக்கொள்ள முடிந்தது.

கடைசியாக, முத்திரைத்தாளில் அச்சாகி வந்த பிரதியைக் கையெழுத்துக்கு முன் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். முத்திரைத்தாளின் மேற்பகுதி அச்சுக்குப் பயன்படாததால் முதல் பக்கத்து வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் தொடர்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும்.