மொத்த வியாபாரியிடம் வற் பதிவு இருக்கிறதா?

நுவரெலியாவில் ஒருவர் ஜாம் செய்து, ஒரு பெட்டியை 1,000 ரூபாவுக்கு ஹட்டன் மொத்தக் கடைக்கு விற்கிறார். 18% வற் 180 ரூபா. மொத்தக் கடைக்காரர் அதை 1,200க்கு விற்று 216 ரூபா வற் அறவிடுகிறார். தான் ஏற்கனவே கொடுத்த 180ஐக் கழித்து, 36 ரூபாவைத்தான் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுவார். பொகவந்தலாவை சில்லறைக் கடைக்காரர் 1,500க்கு விற்று 270 அறவிட்டால், 216 போக அவர் கட்டுவது 54. வாடிக்கையாளர் கொடுப்பது 1,770.

சரி, நடுவில் இருப்பவருக்கு வற் பதிவு இல்லை என்றால்? அவர் கொடுத்த 180ஐக் கழிக்க வழியில்லை, அது கொள்விலையோடு சேர்ந்துவிடும். அதே 200 ரூபா இலாபம் வைத்து 1,380க்குக் கொடுப்பார். சில்லறைக்காரர் தன் 300ஐச் சேர்த்தால் 1,680, அதன்மேல் 18% வற். விலை 1,982.40 ஆகிவிடும். வரிக்கு மேல் வரி!

அதனால் சரக்கு எடுக்கும்போதே பில்லைப் பாருங்கள். வரி விலைப்பட்டியல் என்ற தலைப்பு, இரு தரப்பினதும் வரி இலக்கம், தனியாகக் காட்டிய வற் தொகை மூன்றும் வேண்டும். வெறும் துண்டுச்சீட்டை வைத்து ஒரு ரூபாவும் கழிக்க முடியாது. நீங்களும் வற் பதிவு பெற்றவராக இருந்தால்தான் இந்தக் கழிவு கிடைக்கும்.