கடையை மூடும் கடிதம்: தேதியிலும் பாக்கியிலும் நடக்கும் தவறுகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஸ்வீட் பாக்ஸ் செய்யும் ஒரு சின்ன யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் இருக்கும் பேக்கரிகளும், கடலூர் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கத்து இனிப்புக் கடைகளும் வாடிக்கையாளர்கள். பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை, உரிமையாளருக்கும் வயதாகிவிட்டது. டிசம்பர் 31-க்குள் எல்லாவற்றையும் முடித்துவிட நினைக்கிறார். அவர் எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "டிசம்பர் 31 முதல் எங்கள் நிறுவனம் மூடப்படுகிறது. அதற்குள் ஆர்டர் கொடுத்து, பாக்கியையும் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் கடைக்காரர் டிசம்பர் 28-ல் ஆர்டர் கொடுத்தால், கடிதத்தின்படி அதில் தப்பில்லை. மூடும் நாளும் கடைசி ஆர்டர் நாளும் ஒன்றாக இருக்க முடியாது. இடையில் சரக்கு அனுப்பும் நாள், குறை சொல்லும் நாள், கணக்கு முடிக்கும் நாள் என்று மூன்று இருக்கின்றன. அவற்றைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டு வர வேண்டும்.

கடைசியில் நிற்பது ஜி.எஸ்.டி. பதிவு. பதிவை ரத்து செய்ய REG-16 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதிக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். வாடிக்கையாளரைப் பாதிக்கும் விஷயம் வேறு. பதிவு ரத்தாகிவிட்டால் அதன் பிறகு வரி பில் போட முடியாது. ஓரம் கிழிந்த பெட்டிகள் திரும்பி வந்தால் அதற்கு வரியோடு கிரெடிட் நோட்டும் கொடுக்க முடியாது. அதனால் குறை சொல்வதற்கான கடைசி நாள் ரத்துக்கு நன்றாக முன்னால் வர வேண்டும்.

2026 தீபாவளி நவம்பர் 8. நம் யூனிட்டில் பிளேட் போட்டு, போர்டு வாங்கி, அச்சடித்து, டை கட்டிங், பேஸ்டிங் முடிய பன்னிரண்டு நாள் ஆகிறது என்றால், பழைய டிசைனுக்கு அக்டோபர் 10 கடைசி ஆர்டர் நாள். புது டிசைனுக்கு அட்டையை வெட்டும் டை செய்ய வேண்டும், மாதிரி காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு செப்டம்பர் 30-ஐத் தாண்டக் கூடாது. கடைசி வண்டி அக்டோபர் 31. குறை சொல்ல நவம்பர் 15. கணக்கு முடிக்க நவம்பர் 30. டிசம்பர் மாதம் தாக்கலுக்கும் மிச்ச வேலைக்கும். கடிதத்தில் இந்த ஐந்து நாளும் தனித்தனி வரியில் வர வேண்டும். பத்திக்குள் புதைத்தால் கடைக்காரர் கண்ணில் முதலில் படும் தேதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகும் சரக்கு வேறு மாநிலத்துக்குப் போவது என்பதால் ஐ.ஜி.எஸ்.டி. பில். மூடப் போகிற ஆள் கடைசி மாதக் கணக்கைத் தாக்கல் செய்வாரா, பில்லில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி தனக்குக் கிடைக்குமா என்று அந்தக் கடைக்காரருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அதைக் கடிதமே தீர்த்துவிடலாம்: "அக்டோபர் பில்கள் நவம்பர் 11-க்குள் எங்கள் GSTR-1-ல் ஏறிவிடும். உங்கள் GSTR-2B-யில் பார்த்து, விடுபட்டிருந்தால் உடனே சொல்லவும்." இந்த இரண்டு வாக்கியம் இல்லாததால் கடைசி பில்லின் பணத்தை நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அடுத்தது பாக்கி. பொதுக் கடிதத்தில் "நிலுவையில் உள்ளவர்கள்" என்று எழுதினால், பாக்கி இல்லாதவருக்குச் சங்கடம், பாக்கி இருப்பவருக்கோ அது வேறு யாருக்கோ எழுதியது போல இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் பெயரும் தொகையும் போடுவது அதைவிட மோசம். கடிதம் எல்லோருக்கும் ஒன்று. அதோடு ஒவ்வொருவருக்கும் தனி ஸ்டேட்மென்ட். அதில் மொத்தத் தொகை மட்டும் போதாது, பில் எண்ணும் தேதியும் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்க் கடை ஒன்றின் கணக்கு இது. ஜூலை கடைசியில் பாக்கி 42,600 ரூபாய். ஆகஸ்ட் பில் 18,400, செப்டம்பர் பில் 26,000. ஆக 87,000. ஆகஸ்டில் காசோலையாக வந்தது 20,000. மீதி 67,000. இது தவிர, தீபாவளி ஆர்டருக்காகக் கடைக்காரர் 15,000 முன்பணம் கொடுத்திருக்கிறார். பெரும்பாலும் சண்டை இந்த இடத்தில்தான் வரும். அவரைக் கேட்காமல் முன்பணத்தைப் பழைய பாக்கியில் கழித்து 52,000 என்று எழுதிவிட்டால், "அப்போ என் ஆர்டருக்கு அட்வான்ஸ் எங்கே?" என்பார். 67,000-ஐ ஒரு வரியிலும், 15,000-ஐ "ஆர்டருக்காக எங்களிடம் உள்ள முன்பணம்" என்று அடுத்த வரியிலும் காட்டிவிட்டு, ஆர்டர் வேண்டாம் என்றால் கழிக்கவா, திருப்பித் தரவா என்று கேட்பதுதான் முறை.

ஸ்டேட்மென்டின் அடியில், இந்தத் தொகை சரி என்று கடைக்காரர் கையெழுத்தும் முத்திரையும் போட ஓர் இடம் விடுங்கள். விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடும் காலவரம்பு மூன்று வருடம். அது முடிவதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் கணக்காகும். முடிந்துபோன பிறகு வாங்கும் கையெழுத்துக்கு இந்தப் பலன் இல்லை. ஆகவே பழைய பில் உள்ளவர்களிடம் முதலில் போக வேண்டும், நேரில் போனால் நல்லது. தபாலில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புபவர் குறைவு.

"கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை" என்ற வரியை முதல் கடிதத்திலேயே வைக்காதீர்கள். வருடக்கணக்கில் பழகியவர் அதைப் படித்துவிட்டு வேண்டுமென்றே இழுப்பார். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அவர் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டிவரும் என்பதை நினைவூட்டினாலே போதும். அது அவருக்கும் அவசரமான விஷயம்.

இன்னொரு தவறு, வங்கிக் கணக்கைச் சீக்கிரம் மூடுவது. காசோலை செல்லுபடியாகும் காலம் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம். நவம்பர் 30-ல் எழுதியது பிப்ரவரி வரை வரலாம். நிறுவனப் பெயரில் எழுதிய காசோலையை உங்கள் சொந்தக் கணக்கில் போட முடியாது. எனவே மார்ச் வரை அந்தக் கணக்கைத் திறந்தே வைத்திருந்து, எதுவரை இருக்கும் என்று கடிதத்தில் போட்டுவிடுங்கள். கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையும் அதே கணக்கோடு இணைந்ததுதானே. யூனிட்டின் தொலைபேசி நின்ற பிறகு யாரைக் கூப்பிடுவது என்பதற்கும் ஒரு எண் வேண்டும். தனி உரிமையாளர் தொழிலில் கடை மூடினாலும் கொடுக்க வேண்டியதும் வர வேண்டியதும் உரிமையாளர் பெயரிலேயே நிற்கின்றன. "கடையே மூடியாச்சே" என்று இரண்டு பக்கமும் யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

பெட்டித் தொழிலில் பலரும் மறப்பது டையும் பிளேட்டும். காசு கொடுத்துச் செய்தது கடைக்காரர் என்றால் அது அவருடையது. வேறு யூனிட்டுக்குப் போனால் அங்கேயும் அது தேவைப்படும். மெஷினை வாங்க வருபவர் அலமாரியோடு விலை பேசிவிடுவார், ஜாக்கிரதை. ஸ்டேட்மென்டிலேயே "எங்களிடம் உள்ள உங்கள் டை: அரை கிலோ, ஒரு கிலோ" என்று எழுதி, நவம்பர் 30-க்குள் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். கடைசி வண்டியில் பெட்டிகளோடு சேர்த்து அனுப்பி, டெலிவரி சலானில் தனி வரியாகக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் வாடகையும் மிச்சம்.