தெர்மோ, ஆரோ சுடோகு: நாலே எண்களை வைத்து ஒரு மூலையை நிரப்புவது எப்படி?

போன வாரம் அக்கா மகன் ஒரு சுடோகுவைக் கொண்டுவந்து நீட்டினான். சாதாரண சுடோகுவை அவன் நன்றாகவே போடுவான். இதில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வளைந்து போகிறது, வட்டத்திலிருந்து அம்புகள் கிளம்புகின்றன, எண்களோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. "மாமா, எண்ணே இல்லாம எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். அந்தப் புதிரின் இடது மேல் மூலையை மட்டும் இருவரும் சேர்ந்து போட்டோம். அதைத்தான் இங்கே ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

முதலில் விதிகள். வழக்கமான சுடோகு விதி அப்படியே உண்டு: ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், 3×3 பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒரு முறைதான் வரும். அதோடு தெர்மோ என்று ஒரு வடிவம் சேர்கிறது. அது வெப்பமானி மாதிரி இருக்கும். ஒரு முனையில் உருண்டையான குமிழ், அங்கிருந்து ஒரு பட்டை. குமிழிலிருந்து மறுமுனை வரை எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். அடுத்தது ஆரோ, அதாவது அம்பு. அம்பு கிளம்பும் வட்டத்தில் உள்ள எண், அம்பின் தண்டு கடந்து போகும் கட்டங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

நான் பார்த்தவரை, தெர்மோவில் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஏற வேண்டும் என்றால் ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2, 3, 4 என்றுதான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2, 5, 9 என்று தாவிப் போனாலும் சரி. முந்தைய கட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் மூலை. கட்டங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

```
அ  ஆ  இ | .  .  . | .  .  .
ஈ  உ  ஊ | .  .  . | .  3  .
எ  9  ஐ | க  ச  ட | .  .  .
```

தெர்மோவின் குமிழ் அ-வில் இருக்கிறது. பட்டை அ, ஆ, இ என்று வலப்பக்கம் போய், அங்கிருந்து கீழே திரும்பி ஊ, ஐ என்று முடிகிறது. மொத்தம் ஐந்து கட்டங்கள். முதல் அம்பின் வட்டம் இ-யில். அதன் தண்டு குறுக்காக இறங்கி உ, எ இரண்டையும் கடக்கிறது. இரண்டாவது அம்பின் வட்டம் ஐ-யில். தண்டு நேராக வலப்பக்கம் க, ச, ட மூன்றையும் கடக்கிறது. ஒரே கட்டம் தெர்மோவிலும் அம்பிலும் இருப்பதில் தவறில்லை. உண்மையில் அப்படிச் சந்திக்கும் கட்டங்களில்தான் புதிர் திறக்கும்.

கொடுக்கப்பட்ட எண்களில் நமக்கு வேண்டியவை நாலு. படத்தில் இருக்கும் 9, இரண்டாம் வரிசையில் எட்டாவதாக இருக்கும் 3, அப்புறம் படத்துக்குக் கீழே இரண்டு 5கள்: ஒன்று முதல் நெடுவரிசையில் ஐந்தாம் வரிசையில், இன்னொன்று மூன்றாம் நெடுவரிசையில் ஏழாம் வரிசையில்.

படி 1: தெர்மோவை இரண்டு முனையிலிருந்தும் எண்ணுங்கள்

குமிழில் மிகக் குறைந்தது 1 வரலாம். அப்படியானால் அடுத்ததில் குறைந்தது 2, அதற்கடுத்து 3, 4, 5. மறுமுனையில் அதிகபட்சம் 9 வரலாம். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் 8, 7, 6, 5. ஆகவே அ-வில் 1 முதல் 5, ஆ-வில் 2 முதல் 6, இ-யில் 3 முதல் 7, ஊ-வில் 4 முதல் 8, ஐ-யில் 5 முதல் 9. இதைப் பென்சிலில் ஓரமாக எழுதிவிடுங்கள். எந்தத் தெர்மோவைப் பார்த்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். நீளம் கூடக் கூட ஒவ்வொரு கட்டத்திலும் இடம் சுருங்கும். ஒன்பது கட்டத் தெர்மோ என்றால் யோசிக்கவே வேண்டாம், 1 முதல் 9 வரை அப்படியே எழுதிவிடலாம்.

நம் பெட்டிக்குள் 9 ஏற்கெனவே இருக்கிறது. அதனால் ஐ-யில் 9 வராது, அதிகபட்சம் 8தான். ஐ ஒன்று இறங்கினால் அதற்கு முன்னால் உள்ள எல்லாமே ஒன்று இறங்கும். ஊ அதிகபட்சம் 7, இ அதிகபட்சம் 6.

படி 2: வட்டத்தைவிடச் சிறிய எண்கள் எத்தனை?

இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். மருமகன் இங்கே உ + எ = இ என்று எழுதிவிட்டு, 1+2, 1+3 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தான். "கூட்டாதேடா, முதல்ல எண்ணு" என்றேன்.

இ-யைவிடச் சிறியதாக இருந்தே தீர வேண்டிய கட்டங்கள் எவை? தெர்மோவில் இ-க்கு முன்னால் வரும் அ, ஆ இரண்டும் அதைவிடச் சிறியவை. அம்புத் தண்டில் இருக்கும் உ, எ இரண்டும் கூடி இ ஆவதால் அவையும் தனித்தனியே இ-யைவிடச் சிறியவை. இந்த நான்கும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் நான்கும் வெவ்வேறு எண்கள். ஒரு எண்ணுக்குக் கீழே நான்கு வெவ்வேறு எண்கள் இருக்க வேண்டும் என்றால் அந்த எண் குறைந்தது 5.

மேலிருந்து பார்த்தால் இ 6-ஐத் தாண்டாது. கீழிருந்து பார்த்தால் 5-க்குக் குறையாது. மிச்சம் இருப்பது 5, 6 இரண்டுதான். மூன்றாம் நெடுவரிசையில் கீழே 5 இருக்கிறதே! எனவே இ = 6.

உடனே ஊ, ஐ இரண்டும் விழுந்துவிடும். ஊ 6-ஐவிடப் பெரிது, 7-ஐத் தாண்டாது. ஆகவே ஊ = 7, அடுத்து ஐ = 8. ஒரு கூட்டல்கூடப் போடாமல் மூன்று கட்டங்கள் நிரம்பிவிட்டன.

படி 3: இரண்டாவது அம்பு

ஐ வட்டத்தில் இப்போது 8. க, ச, ட மூன்றும் கூடி 8 ஆக வேண்டும். மூன்றும் ஒரே வரிசையில் இருப்பதால் எண் திரும்ப வராது. மூன்று வெவ்வேறு எண்கள் சேர்ந்து 8 ஆக இரண்டே வழிதான்: 1, 2, 5 அல்லது 1, 3, 4. எது சரி என்று இப்போது தெரியாது. தெரியவும் வேண்டாம். இரண்டிலும் 1 இருக்கிறது, அது போதும். மூன்றாம் வரிசையின் 1 இந்த மூன்று கட்டங்களில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்துவிட்டது. அதே வரிசையில் இருக்கும் எ-யில் இனி 1 வராது.

முதல் அம்புக்குத் திரும்புவோம். உ + எ = 6. ஒரே பெட்டி என்பதால் 3+3 கிடையாது. 1+5 அல்லது 2+4. 1+5 என்றால் எ-யில் 1 அல்லது 5 வர வேண்டும். 1 வராது என்று இப்போதுதான் பார்த்தோம். முதல் நெடுவரிசையில் ஏற்கெனவே 5 இருப்பதால் அதுவும் வராது. ஆக உ, எ இரண்டிலும் 2, 4. எது எதில் என்பது பிறகு தெரியும்.

படி 4: மிச்சம் மூன்று கட்டங்கள்

பெட்டியில் அ, ஆ, ஈ மூன்றும் பாக்கி. எண்களில் 1, 3, 5 பாக்கி. அ, ஈ இரண்டும் முதல் நெடுவரிசையில் இருப்பதால் அவற்றில் 5 வராது. ஆகவே ஆ = 5. இரண்டாம் வரிசையில் 3 கொடுத்திருக்கிறார்கள், அதனால் ஈ-யில் 3 வராது. ஈ = 1, அ = 3. தெர்மோ 3, 5, 6, 7, 8 என்று ஏறுகிறது. 3-க்கு அடுத்து 5 என்று தாவியிருப்பதைக் கவனியுங்கள். 3-க்கு அடுத்து 4தான் என்று நினைத்து எழுதியிருந்தால் இந்த மூலை முடியவே முடியாது.

படி 5: 2, 4 எங்கே?

இதற்குப் பக்கத்துப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும். முதல் பெட்டியில் 3 முதல் வரிசையில் வந்துவிட்டது. மூன்றாவது பெட்டியில் 3 இரண்டாம் வரிசையில் இருக்கிறது. அப்படியானால் நடுப்பெட்டியின் 3 மூன்றாம் வரிசையில்தான் வர முடியும். நடுப்பெட்டியின் மூன்றாம் வரிசை என்பது க, ச, ட மூன்றும்தான். எனவே இரண்டாவது அம்பு 1, 3, 4. மூன்றாம் வரிசையில் 4-ஐ அம்பு எடுத்துக்கொண்டதால் எ-யில் 4 வராது. எ = 2, உ = 4.

```
3  5  6
1  4  7
2  9  8
```

சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 4 + 2 = 6, தெர்மோ ஏறுகிறது, பெட்டியில் ஒன்பது எண்களும் உண்டு.

தனியாகப் போடும்போது தடம் மாறக்கூடிய இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "மூன்று கட்ட அம்பு என்றால் வட்டத்தில் குறைந்தது 6" என்று பலர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 1+2+3 என்ற கணக்கு. அது மூன்று கட்டங்களும் ஒரே பெட்டியிலோ ஒரே வரிசையிலோ ஒரே நெடுவரிசையிலோ இருந்தால்தான் பொருந்தும். அம்பின் தண்டில் எண் திரும்ப வரலாம், சுடோகு விதி தடுக்காத வரைக்கும். தண்டு வளைந்து பெட்டி தாண்டிப் போனால் 1, 2, 1 என்று வந்து வட்டத்தில் 4கூட இருக்கலாம். எனவே குறைந்தபட்சக் கூட்டுத்தொகையைப் போடும் முன்னால், தண்டில் உள்ள எந்தெந்தக் கட்டங்கள் ஒரே வரிசையையோ நெடுவரிசையையோ பெட்டியையோ பகிர்ந்துகொள்கின்றன என்று விரல் வைத்துப் பாருங்கள். தெர்மோவுக்கு இந்தச் சந்தேகம் இல்லை. எண் ஏறிக்கொண்டே போவதால் எத்தனை பெட்டி தாண்டினாலும் அதில் எதுவும் திரும்ப வராது. சில புதிர்களில் மட்டும் அடுத்த எண் சமமாகவும் இருக்கலாம் என்று விதியை மாற்றியிருப்பார்கள். அதனால் மேலே எழுதியிருக்கும் விதியை ஒரு முறை படித்துவிட்டே தொடங்குங்கள்.

ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத எந்த எண்ணும் மிஞ்சவில்லை என்றால், கடைசியாக எழுதியதை மட்டும் அழிக்காதீர்கள். படி 1-இல் போட்ட எல்லைகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். குமிழ் எந்த முனையில் இருக்கிறது என்பதை மாற்றிப் படித்திருப்பதும் அடிக்கடி நடக்கும்.

எங்கள் புதிரில் அடுத்து எங்கே போவது? மூன்றாம் வரிசையில் 2, 9, 8 வந்துவிட்டன, நடுவில் 1, 3, 4 இருக்கின்றன. ஆகவே மூன்றாவது பெட்டியின் கடைசி வரிசையில் 5, 6, 7. முதல் பெட்டியில் 5, 6 இரண்டும் முதல் வரிசையில் இருப்பதால், நடுப்பெட்டியில் அவை இரண்டாம் வரிசைக்குத்தான் போக முடியும். நடுப்பெட்டியின் 7 முதல் வரிசைக்குப் போகிறது. மருமகன் பென்சிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது இங்கேதான்.