முடிந்த கல்யாண வேலையை அடுக்கி வைக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

போன மாதம், எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி டெலிவரி முடிந்த ஒரு கல்யாண வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். CAM1, CAM2 என்று தனித்தனியாக இருந்த ஃபோல்டர்களைத் திறந்து, உள்ளே இருந்த வீடியோக்களை எல்லாம் கட் செய்து RAW என்ற ஒரே ஃபோல்டரில் போட்டான். விண்டோஸ் ஏதோ கேட்டது. Replace என்று அழுத்தினான். நான் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போவதற்குள் வேலை முடிந்திருந்தது. "நீட்டா அடுக்கிட்டேன்ணே" என்றான்.

கோபம் வந்தது. ஆனால் 2015-ல் நானும் ஏறத்தாழ இதையேதான் செய்தேன், அதனால் அதிகம் திட்டவும் முடியவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், டிஸ்க்கைக் கீழே போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எல்லா கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டுவது

நம் ஊர் கல்யாணங்களில் இன்னும் AVCHD-யில் பதியும் தோள் கேமராக்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த முறையில் கார்டை ஃபார்மட் செய்ததும் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முதல் கிளிப் 00000.MTS, அடுத்தது 00001.MTS. இரண்டு கேமரா, ஆளுக்கு மூன்று கார்டு என்றால் உங்கள் கையில் 00000.MTS என்ற பெயரில் ஆறு வெவ்வேறு வீடியோக்கள் இருக்கும். ஒன்றில் மாப்பிள்ளை அழைப்பு, ஒன்றில் முகூர்த்தம், ஒன்றில் பந்தி. பெயரை வைத்துப் பிரித்துச் சொல்லவே முடியாது. எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பதுதான் அதன் அடையாளம். ஃபோல்டரைக் கலைத்தால் அடையாளம் போய்விட்டது.

சோனியின் புதிய கேமராக்களில் C0001.MP4 என்று வரும். கதை அதேதான். ஒரே மாடல் கேமரா இரண்டை ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போனால் இரண்டிலும் C0001 இருக்க வாய்ப்பு அதிகம்.

2015-ல் நான் Replace அழுத்தவில்லை. புத்திசாலித்தனமாக, இரண்டையும் வைத்துக்கொள் என்பதை அழுத்தினேன். விண்டோஸ் இரண்டாவது கேமராவின் கிளிப்களுக்கு 00000 (2).MTS, 00001 (2).MTS என்று தானே பெயர் வைத்துக்கொண்டது. எதுவும் தொலையவில்லை என்ற நிம்மதியில் டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். "தம்பி, தாலி கட்டுற நேரத்துல ஐயர் கை மறைக்குது. இன்னொரு கேமராவுல இருந்தா மாத்திக் குடுங்க" என்றார். இருந்தது, எனக்கு நினைவும் இருந்தது. பத்து நிமிட வேலை என்று ப்ரீமியரில் ப்ராஜெக்ட்டைத் திறந்தேன். எல்லா கிளிப்பும் ஆஃப்லைன். இடம் மாறிவிட்டதால் Link Media கேட்டது, RAW ஃபோல்டரைக் காட்டினேன். மளமளவென்று எல்லாம் கனெக்ட் ஆகிவிட்டது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முகூர்த்தத்துக்குப் போய் ப்ளே செய்தேன். கெட்டி மேளம் கொட்டுகிறது. படத்தில் ஒருவர் வாளியோடு குனிந்து இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். சத்தம் முதல் கேமராவிலிருந்து வந்தது. அதன் பெயர் மாறவில்லை, அதனால் அது சரியாக இருந்தது. படம் இரண்டாவது கேமராவின் 00003.MTS. ப்ராஜெக்ட் அந்தப் பெயரைத் தேடியது. ஃபோல்டரில் அந்தப் பெயரில் ஒரு கிளிப் இருந்தது, ஆனால் அது முதல் கேமராவுடையது. உண்மையானது 00003 (2).MTS என்று பக்கத்திலேயே கிடந்தது. பெயர் ஒத்துப்போனதால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. கிளிப் கிடைக்கவில்லை என்று சிவப்பாகக் காட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். தவறான கிளிப்பை அமைதியாக மாட்டிவிட்டு, எல்லாம் சரி என்று நின்றது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. மாட்டிய கிளிப் பழையதைவிடக் குட்டையாக இருந்தால், டைம்லைனில் படம் இல்லாத பகுதியில் சாய்வான கோடுகள் தெரியும். ரீலிங்க் செய்தவுடன் டைம்லைன் முழுக்க ஓட்டிப் பார்த்து, கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். ஆனால் மாட்டியது நீளமான கிளிப் என்றால் கோடும் வராது, பாயசம்தான் வரும்.

அறுபதுக்கும் மேற்பட்ட கிளிப்களை ஒவ்வொன்றாகத் திறந்து எது எந்த கேமரா என்று பிரிக்க இரண்டு ராத்திரி ஆனது. அதோடும் முடியவில்லை. AVCHD கேமரா நீளமான பதிவை ஒரே ஃபைலாக வைப்பதில்லை. கார்டின் ஃபைல் அமைப்புக்கு 4 ஜிபி வரம்பு இருப்பதால் (சில கேமராக்கள் 2 ஜிபியிலேயே) துண்டு துண்டாக வெட்டி எழுதும். 28 மெகாபிட் வேகத்தில் 4 ஜிபி என்பது ஏறத்தாழ 19 நிமிடம். முகூர்த்தத்தை நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பதிந்தால் நான்கு துண்டு வரும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற விவரம் MTS-க்குள் இல்லை. CLIPINF, PLAYLIST ஃபோல்டர்களில் இருக்கும் குட்டி ஃபைல்களில் இருக்கிறது. நானோ STREAM ஃபோல்டரிலிருந்து MTS-களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் குப்பை என்று அழித்திருந்தேன். விளைவு, ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சத்தம் ஒரு நொடிக்கும் குறைவாக வெட்டுப்படும். பேச்சில் அவ்வளவாகத் தெரியாது. நாதஸ்வரத்தில் ஊசி குத்தியதுபோல் தெரியும்.

எனக்குத் தூக்கம்தான் போனது. நம் தம்பி அழுத்தியது Replace, அதில் படமே போயிருக்கும். ஒரே ஒரு விஷயம் காப்பாற்றியது. ஒரே டிஸ்க்குக்குள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு மாற்றும்போது டேட்டா நகர்வதில்லை, பெயர்ப் பட்டியல் மட்டும்தான் மாறுகிறது. ஓரம்கட்டப்பட்ட பழைய ஃபைல்கள், அவற்றின் மேல் வேறு எதுவும் எழுதப்படும்வரை ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். உடனே டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்பு மென்பொருளை ஓட்டி, கிடைத்ததை வேறொரு டிஸ்க்கில் எழுதினோம். 18 கிளிப்பில் 16 முழுதாக வந்தன. பெயர் எதுவும் வரவில்லை. அவனே உட்கார்ந்து பார்த்துப் பிரித்தான். எஸ்எஸ்டியாக இருந்திருந்தால், அழித்த இடத்தை அது தானாகவே சுத்தம் செய்துவிடும், ஒன்றும் கிடைத்திருக்காது.

இப்போது எங்கள் அடுக்கு இப்படி:

```
2024-02-11_Kumbakonam_KarthikDivya/
  01_RAW/
    CAM1_D1_C01/PRIVATE/AVCHD/BDMV/...
    CAM1_D1_C02/
    CAM2_D1_C01/
    AUDIO_D1/
  02_PROJECT/
  03_ASSETS/
  04_MASTER/
```

தேதியை வருடத்திலிருந்து எழுதினால் ஃபோல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். D1 முதல் நாள், C01 முதல் கார்டு. அதற்குள் கார்டில் இருந்தது இருந்தபடி, ஒரு ஃபைலைக்கூடத் தொடாமல், முழுதாக. சோனியின் MP4 கேமராவாக இருந்தால் M4ROOT, அதற்குள் XML, எல்லாமும் சேர்த்து. இந்த அமைப்பைக் கார்டு காப்பி செய்யும் ராத்திரியே உருவாக்க வேண்டும். எடிட் முழுக்க இதே ஃபோல்டரிலிருந்து நடந்தால், கடைசியில் அடுக்குவதற்கு என்று தனி வேலை எதுவும் இருக்காது. அடுக்கும் நாளில் ஃபோல்டரை மாற்றி அமைக்க ஆரம்பிப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

எடிட் முடிந்த பிறகு கிளிப்பின் பெயரை மாற்றுவது

வேண்டாம்.

ஃபைனல், ஃபைனல் 2, ஒரிஜினல் ஃபைனல்

வாடிக்கையாளரிடம் போனது எதுவோ அது மட்டும் 04_MASTER-இல் இருக்கட்டும், போன தேதியோடு. மற்ற ஏற்றுமதிகளை அழித்துவிடுங்கள்.

ஒரே டிஸ்க்கில் இரண்டு பிரதி

அது ஒரு பிரதிதான்.

எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் பூட்டுவது

எஸ்எஸ்டி வேகமாக இருக்கிறது, அதனால் அதுதான் பத்திரம் என்று நினைக்கிறார்கள். அதில் டேட்டா இருப்பது மின்னூட்டமாக. கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. மெமரிக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரக்குறிப்பு சாதாரண எஸ்எஸ்டியிடம் கேட்பதே, எழுதி எழுதித் தேய்ந்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருடம் டேட்டாவைத் தாங்கினால் போதும் என்பதுதான். புதிய எஸ்எஸ்டி அதைவிட நீண்ட நாள் தாங்கும், உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் 30 டிகிரி எங்கே இருக்கிறது? எஸ்எஸ்டியில் எடிட் செய்யுங்கள், சேமித்து வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

நாங்கள் டிஸ்க்குகளை ஜோடியாக வாங்குகிறோம். 07A கடையில், 07B என் வீட்டில். டிஸ்க்கின் மேல் ஒட்டிய சீட்டிலும் விண்டோஸில் தெரியும் பெயரிலும் அதே எண். காப்பி செய்யும்போது சரிபார்ப்பு வசதி உள்ள மென்பொருளில்தான் செய்வோம். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்ப்பதால் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் முடிந்திருக்கும். எந்தக் கல்யாணம் எந்த எண்ணில் என்பது ஒரு எக்செல் தாளில் இருக்கிறது, மண்டபத்தின் பெயரோடு. வருகிறவர்களுக்குத் தேதி மறந்திருக்கும், மண்டபம் மறக்காது.

ரா எத்தனை வருடம் என்று சொல்லாமல் விடுவது

மேலே சொன்ன வேகத்தில் ஒரு மணி நேரம் என்பது 12.6 ஜிபி. இரண்டு கேமரா, ஆளுக்குப் பத்து மணி நேரம் என்றால் ஒரு கல்யாணம் 250 ஜிபி, இரண்டு பிரதிக்கு 500. 100 மெகாபிட் 4கே என்றால் மணிக்கு 45 ஜிபி, அதே கல்யாணம் இரண்டு பிரதியோடு 1.8 டிபி ஆகிவிடும். இதை ஆயுள் முழுக்க இலவசமாகச் சுமக்க முடியாது. நானும் சில வருடம் சுமந்து பார்த்தேன்.

இப்போது கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதுகிறோம்: ரா மூன்று வருடம் எங்களிடம் இருக்கும், அதன் பிறகு வேண்டுமானால் டிஸ்க் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு தடவை கேட்போம். பாதிப் பேர் வாங்கிக்கொள்கிறார்கள். பதில் வராவிட்டாலும் முகூர்த்தக் கார்டுகளை மட்டும் நான் அழிப்பதில்லை. ஐயர் கை பட்ட புத்தி அது. மாஸ்டரையும் ப்ராஜெக்ட்டையும் ஒருபோதும் அழிப்பதில்லை, அவற்றுக்கு ஆகும் இடம் சொற்பம்.

பூட்டியதோடு மறப்பது

ஹார்ட் டிஸ்க்கையும் வருடக்கணக்கில் சுழலவிடாமல் வைத்தால் சில சமயம் கிளம்ப மறுக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, எங்களுக்கும் வேலை இல்லை. அந்த இரண்டு மாதங்களில் ஒவ்வொரு டிஸ்க்காக மாட்டி, ஒவ்வொரு கல்யாணத்திலிருந்தும் ஒரு கிளிப்பைத் திறந்து ஓட்டிப் பார்க்கிறோம். டிஸ்க்கின் பெயர் தெரிவதற்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்தாலோ, டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, அன்றைக்கே அதன் ஜோடியிலிருந்து புதிய டிஸ்க்குக்குக் காப்பி. இரண்டும் நன்றாக இருந்தாலும் ஐந்து வருடமானதை மாற்றிவிடுகிறோம். இந்த ஆடியில் 03A அப்படித்தான் போனது. 03B-யைத் தம்பியிடம் கொடுத்துக் காப்பி போடச் சொன்னேன். கட் செய்யாமல், காப்பி மட்டும்.